அலுவலக வாடகை ஒப்பந்தம் முடியும் முன் உரிமையாளருக்கு எழுதும் கடிதம்

அலுவலகத்துக்காக எடுத்த இடத்தின் ஒப்பந்தம் முடியப் போகும்போது பலர் உரிமையாளருக்கு எழுதும் கடிதத்தின் சாரம் இதுதான்: தொழில் மந்தமாக இருக்கிறது, செலவுகள் கூடிவிட்டன, ஆகவே வாடகையை உயர்த்தாமல் புதுப்பித்துத் தரக் கேட்டுக்கொள்கிறோம். கடிதம் பணிவாகத்தான் இருக்கும். ஆனால் அதைப் படிக்கும் உரிமையாளர் "இவர்களிடம் பணம் தட்டுப்படுகிறது" என்று புரிந்துகொள்வார். அடுத்த ஆண்டு வாடகை ஒழுங்காக வருமா என்ற சந்தேகமும் அவருக்கு வந்துவிடும். சலுகை கேட்டு எழுதிய கடிதம், வேறு ஆளைத் தேடலாமா என்ற யோசனையைக் கொடுத்துவிடுகிறது.

இந்தக் கடிதத்தில் காரணங்கள் எழுதுபவரின் கஷ்டத்திலிருந்து வரக்கூடாது, படிப்பவரின் கணக்கிலிருந்து வர வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதை ஒரு கற்பனை உதாரணத்தோடு பார்ப்போம்.

சென்னை கோடம்பாக்கத்தில் ஒரு சிறு கட்டட வடிவமைப்பு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டாம் தளத்தில் 1,200 சதுர அடி. மாத வாடகை 60,000 ரூபாய், அதாவது சதுர அடிக்கு 50 ரூபாய். மூன்று ஆண்டு ஒப்பந்தம் 1.4.2024 அன்று தொடங்கி 31.3.2027 அன்று முடிகிறது. முன்பணம் 3,60,000 ரூபாய். உரிமையாளர்கள் ஒரு கணவனும் மனைவியும்.

எழுத உட்காருவதற்கு முன் ஒப்பந்தத்தில் புதுப்பித்தல் பற்றிய பிரிவை எடுத்துப் படிக்க வேண்டும். அது பொதுவாக இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கும். "இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் புதுப்பித்துக்கொள்ளலாம்" என்று இருந்தால் வாடகைதாரருக்குப் புதுப்பிக்கும் உரிமை ஏதும் இல்லை. உரிமையாளர் "வேண்டாம்" என்று சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது. எங்கள் உதாரணத்தில் இருப்பது இரண்டாவது வகை. காலம் முடிவதற்குக் குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன் எழுத்து மூலம் தெரிவித்தால் வாடகைதாரர் மேலும் மூன்று ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம், அப்போது வாடகை 15 விழுக்காடு உயரும் என்கிறது 14-ஆம் பிரிவு. இது உரிமை. ஆனால் தேதியோடு கட்டப்பட்ட உரிமை. 31.12.2026-க்குள் கடிதம் போய்ச் சேராவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

பலர் சறுக்குவது இங்கேதான். "வாடகை உயர்வை 5 விழுக்காடாகக் குறைத்தால் புதுப்பித்துக்கொள்கிறோம்" என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுவார்கள். அது உரிமையைப் பயன்படுத்தும் அறிவிப்பு ஆகாது. நிபந்தனையோடு கூடிய புதிய யோசனை என்று உரிமையாளர் தரப்பு வாதிட இடம் கொடுக்கும். டிசம்பர் கடந்த பிறகு "நீங்கள் 14-ஆம் பிரிவின்படி அறிவிப்பே தரவில்லையே" என்று அவர்கள் சொன்னால் பதில் சொல்வது கடினம். அதற்காக முதலிலேயே நிபந்தனையின்றி அறிவிப்பு கொடுத்துவிட்டாலோ, 15 விழுக்காட்டை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். பிறகு வாடகை பற்றிப் பேச என்ன இருக்கிறது?

வழி எளிது. இரண்டு கடிதம். முதலாவது அக்டோபர் தொடக்கத்தில்: வாடகையை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் வேண்டுகோள். அதில் "இது 14-ஆம் பிரிவின்படியான அறிவிப்பு அன்று, அந்த உரிமை எங்களுக்குத் தனியே இருக்கிறது" என்று ஒரு வரி இருக்க வேண்டும். பேச்சு படியவில்லை என்றால் டிசம்பர் நடுவில் இரண்டாவது கடிதம்: 14-ஆம் பிரிவின்படி புதுப்பிக்கிறோம் என்று நிபந்தனை ஏதுமின்றி இரண்டு வரி, அவ்வளவுதான். ஆகக் கெட்டாலும் 69,000 ரூபாய் வாடகையில் அதே இடத்தில் இருப்பார்கள். இந்தப் பாதுகாப்பு கையில் இருப்பதால்தான் முதல் கடிதத்தை மிரட்டலும் கெஞ்சலும் இல்லாமல் எழுத முடிகிறது.

ஆறு மாதம் முன்னதாகவே ஏன் தொடங்க வேண்டும்? வேறு இடம் பார்ப்பது, மின் இணைப்பும் தடுப்புச் சுவர்களும் அமைப்பது, இணைய இணைப்பை மாற்றுவது, ஜி.எஸ்.டி. பதிவில் முகவரியைத் திருத்துவது எல்லாவற்றுக்கும் மாதக் கணக்கில் ஆகும். பிப்ரவரியில் கடிதம் எழுதும் வாடகைதாரருக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது உரிமையாளருக்கு நன்றாகவே தெரியும்.

இனி கணக்கு. ஒப்பந்தத்தில் உள்ளபடி முதல் மாதமே 15 விழுக்காடு உயர்ந்தால் வாடகை 69,000. மூன்று ஆண்டுகளுக்கு, அதாவது 36 மாதங்களுக்கு 24,84,000 ரூபாய். நிறுவனம் கேட்கப் போவது வேறு: ஆண்டுக்கு 5 விழுக்காடு வீதம் படிப்படியான உயர்வு. முதல் ஆண்டு 63,000, இரண்டாம் ஆண்டு 66,150, மூன்றாம் ஆண்டு 69,457.50. மூன்று ஆண்டுகளின் கூட்டுத்தொகை 23,83,290. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 1,00,710 ரூபாய்.

இந்த ஒரு லட்சத்தை உரிமையாளர் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? வாடகைதாரர் காலி செய்தால் அவருக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். 69,000 ரூபாய் வாடகையில் ஒன்றரை மாதம் இடம் பூட்டிக் கிடந்தாலே 1,03,500 போய்விடும். அலுவலக இடங்கள் அதைவிட நீண்ட காலம் காலியாகக் கிடப்பது அரிதல்ல. இரண்டு மாதம் என்றால் 1,38,000. தரகர் உரிமையாளரிடமும் ஒரு மாத வாடகையைக் கூலியாக வாங்குபவர் என்றால் மொத்தம் 2,07,000. இதற்கு மேல் வெள்ளையடிக்கும் செலவு இருக்கிறது. புதிதாக வருபவர் உள் வேலைகளை முடிக்கும்வரை சில வாரங்கள் வாடகை வேண்டாம் என்று கேட்பதும் வழக்கம். படிப்படியான உயர்வில் உரிமையாளருக்கு இன்னொரு லாபமும் உண்டு. மூன்றாம் ஆண்டில் வாடகை 69,000-ஐத் தாண்டிவிடுகிறது, அதனால் அடுத்த ஒப்பந்தத்துக்கான அடிப்படைத் தொகையும் சற்றே உயர்கிறது.

ஆனால் 14-ஆம் பிரிவு இருக்கும்போது வாடகைதாரர் போகப் போவதில்லை என்று உரிமையாளர் நினைக்கலாம் அல்லவா? நினைக்கலாம். இந்த ஒப்பந்தத்தில் லாக்-இன் காலம் இல்லை, மூன்று மாத அறிவிப்பு கொடுத்து எப்போது வேண்டுமானாலும் காலி செய்யலாம். ஆகவே நிறுவனம் கடிதத்தில் தன் பங்காக ஒன்றை வைக்கிறது: முதல் 24 மாதங்களுக்குக் காலி செய்ய மாட்டோம் என்ற உறுதி. உரிமையாளருக்கு இதன் மதிப்பு அதிகம். அதே காரணத்தால் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். எட்டாம் மாதத்தில் இடத்தை விட்டால் மீதி மாதங்களின் வாடகையைக் கேட்டு உரிமையாளர் நிற்பார். அடுத்த ஆண்டு ஆட்களைக் கூட்டுவோமா குறைப்போமா என்றே தெரியாத நிறுவனம் இந்த உறுதியைத் தருவதைவிட ஒரு லட்சத்தைக் கொடுத்துவிடுவதே நல்லது.

அடுத்தது சந்தை நிலவரம். அக்கம்பக்கத்து வாடகையை ஆதாரமாகக் காட்டுவதில் ஒரு பொறி இருக்கிறது. "வாடகைக்கு" பலகையிலும் இணைய விளம்பரத்திலும் இருப்பது உரிமையாளர் ஆசைப்படும் தொகை. பேரம் முடிந்து கையெழுத்தான தொகைதான் ஆதாரம். அதை அண்மையில் குடிவந்த நிறுவனங்களிடமும் பேரத்தை முடித்துவைத்த தரகரிடமும் கேட்கலாம். பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தமானால் அந்தச் சொத்தின் வில்லங்கச் சான்றில் அது இடம்பெறும்.

அளவு இன்னொரு பொறி. எங்கள் உதாரணத்தில் 1,200 சதுர அடி என்பது சூப்பர் பில்ட்-அப் அளவு. படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை ஆகியவற்றின் பங்கும் அதில் அடங்கும். சுவருக்குள் உண்மையில் கிடைப்பது 840 சதுர அடி கார்பெட் ஏரியா. எதிர்க் கட்டடத்தில் சதுர அடி 70 ரூபாய் என்று கேட்டவுடன் "அப்படியானால் நாம் 50 கொடுப்பது மலிவு" என்று தோன்றும். அந்த 70 ரூபாய் கார்பெட் ஏரியாவுக்கு என்றால் 840 சதுர அடிக்கு 58,800 ரூபாய்தான். சூப்பர் பில்ட்-அப் கணக்கில் அது 49 ரூபாய். மலிவான இடம் எதிர்க் கட்டடம்தான்! ஒப்பிடும் எல்லா இடங்களையும் ஒரே அளவுக்கு மாற்றி எழுதாவிட்டால் கடிதம் உரிமையாளர் கையில் ஆயுதமாகிவிடும். பராமரிப்புக் கட்டணம் வாடகைக்குள் அடக்கமா, தனியா என்பதையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

ஒரு காரணத்தை மட்டும் எழுதவே கூடாது. "வாடகையோடு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சுமையும் சேர்கிறது" என்பது அது. நிறுவனம் ஜி.எஸ்.டி. பதிவு பெற்று வரி வசூலித்துத் தொழில் செய்தால், வாடகை மீது கட்டும் வரியைத் தான் செலுத்த வேண்டிய வரியில் பொதுவாகக் கழித்துக்கொள்ளலாம். உரிமையாளர் பதிவு பெறாதவராக இருந்தாலும், 10.10.2024 முதல் பதிவு பெற்ற வாடகைதாரரே அந்த வரியை நேரடியாகக் கட்டி வரவு எடுத்துக்கொள்ளும் முறை வந்துவிட்டது. ஆகவே இதைச் சுமை என்று எழுதினால் உரிமையாளரின் ஆடிட்டர் ஒரு வரியில் அடித்துவிடுவார், மற்ற காரணங்களின் நம்பகமும் கூடவே குறையும். வரி வரவு எடுக்க முடியாத தொழில்களுக்கு மட்டுமே இது உண்மையான செலவு.

குறைகளை என்ன செய்வது? மழைக்காலத்தில் கழிவறைச் சுவரில் நீர் கசிகிறது, லிஃப்ட் அடிக்கடி நிற்கிறது என்றால் சொல்லத்தான் வேண்டும். ஆனால் "இவ்வளவு குறை இருக்கும் இடத்துக்கு இந்த வாடகையா" என்ற தொனி வந்தால் உரிமையாளர் வாடகையை மறந்துவிட்டுத் தன் கட்டடத்துக்காக வாதாட ஆரம்பித்துவிடுவார். எந்தத் தேதிகளில் என்ன நடந்தது என்று குறித்து, சரிசெய்து தரும் வேண்டுகோளாகக் கடைசியில் வைப்பதே சரி.

இவ்வளவையும் சேர்த்தால் கடிதம் இப்படி வரும்:

அனுப்புநர்:
(நிறுவனத்தின் பெயர்), இரண்டாம் தளம், (முகவரி), கோடம்பாக்கம், சென்னை.

பெறுநர்:
(ஒப்பந்தத்தில் உள்ளபடி உரிமையாளர்கள் இருவரின் பெயர்களும் முகவரியும்)

நாள்: 5.10.2026

பொருள்: இரண்டாம் தள அலுவலக இடம் – ஒப்பந்தத்தைப் புதுப்பித்தலும் வாடகை மறுபரிசீலனையும் – வேண்டுகோள்.

பார்வை: 1.4.2024 முதல் 31.3.2027 வரையிலான பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தம்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

மேற்கண்ட ஒப்பந்தம் வரும் மார்ச் 31-ஆம் தேதி முடிகிறது. 1.4.2027 முதல் மேலும் மூன்று ஆண்டுகள் இதே இடத்தில் தொடர விரும்புகிறோம்.

ஒப்பந்தப்படி வாடகை 60,000 ரூபாயிலிருந்து ஒரே முறையில் 69,000 ரூபாயாக உயர வேண்டும். அதற்குப் பதிலாக முதல் ஆண்டு 63,000, இரண்டாம் ஆண்டு 66,150, மூன்றாம் ஆண்டு 69,457.50 என ஆண்டுதோறும் 5 விழுக்காடு உயர்த்தும் வகையில் மாற்றித் தரக் கேட்டுக்கொள்கிறோம். முன்பணம் 3,60,000 ரூபாய் அப்படியே தொடரட்டும்.

இதற்கான காரணங்களைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறோம். கடந்த ஆறு மாதங்களில் இதே தெருவில் வாடகைக்குப் போன இரண்டு அலுவலக இடங்களில் சதுர அடிக்கு 51, 54 ரூபாய் என முடிவாகியுள்ளது. இரண்டும் நம் இடத்தைப் போலவே சூப்பர் பில்ட்-அப் அளவில் கணக்கிடப்பட்டவை. விவரம் இணைப்பில் உள்ளது. நாங்கள் கேட்கும் 63,000 ரூபாய் சதுர அடிக்கு 52.50 ஆகிறது. 69,000 என்றால் 57.50 ஆகிவிடும்.

புதிய ஒப்பந்தத்தில் முதல் 24 மாதங்களுக்கு இடத்தைக் காலி செய்ய மாட்டோம் என்ற உறுதியைச் சேர்க்க ஒப்புக்கொள்கிறோம். இப்போதைய ஒப்பந்தத்தில் அத்தகைய நிபந்தனை இல்லை.

ஏப்ரல் 2024 முதல் செப்டம்பர் 2026 வரை 30 மாத வாடகையும் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டுள்ளது. டி.டி.எஸ். சான்றிதழ்களும் காலாண்டுதோறும் தரப்பட்டுள்ளன. மின் பலகையையும் தடுப்புச் சுவர்களையும் எங்கள் செலவில் அமைத்திருக்கிறோம்.

மழைக்காலத்தில் கழிவறையின் வடக்குச் சுவரில் நீர் கசிகிறது. புதிய ஒப்பந்தம் தொடங்கும் முன் அதைச் சரிசெய்து தர வேண்டுகிறோம்.

இக்கடிதம் ஒப்பந்தத்தின் 14-ஆம் பிரிவின்படியான அறிவிப்பு அன்று. அப்பிரிவின் கீழ் எங்களுக்குள்ள உரிமை அப்படியே நீடிக்கிறது.

அக்டோபர் மாதத்துக்குள் தங்களுக்கு வசதியான நாளில் நேரில் வந்து பேச விரும்புகிறோம். நவம்பர் 15-க்குள் தங்கள் முடிவைத் தெரிவித்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
நிர்வாகப் பங்குதாரர்

கடிதத்தில் ஒரு விஷயம் இல்லாததைக் கவனித்திருக்கலாம். இடம் காலியாகக் கிடந்தால் உரிமையாளருக்கு இரண்டு லட்சம் நஷ்டம் என்ற கணக்கை எங்கும் எழுதவில்லை. அதை எழுத்தில் போட்டால் மிரட்டலாகப் படும். நேரில் பேசும்போது அவரே "எதிரில் இருக்கும் இடம் நாலு மாதமாகக் காலியாகக் கிடக்கிறதே" என்று சொல்லக்கூடும், அப்போது தலையசைத்தால் போதும்.

பெறுநர் பெயரில் கவனம் தேவை. ஒப்பந்தத்தில் இருவர் கையெழுத்திட்டிருந்தால் இருவருக்கும் எழுத வேண்டும். இடையில் ஒருவர் காலமாகியிருந்தால் இப்போது வாரிசுகள் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அவர்களையும் சேர்க்க வேண்டும். வாடகையை நேரில் வந்து வாங்கிப்போகும் மகனுக்கு மட்டும் எழுதிய கடிதம் பின்னால் செல்லாமல் போகலாம். அனுப்பும் முறையும் அப்படித்தான்: மின்னஞ்சல், தபால், நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது என்று ஒப்பந்தம் எதைச் சொல்கிறதோ அதன்படியே அனுப்பிச் சான்றை வைத்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப்பில் கூடுதலாக அனுப்புவதில் தவறில்லை, அதை மட்டும் நம்பக்கூடாது.

பெரும்பாலும் வரும் பதில் எழுத்தில் இருக்காது. தொலைபேசியில் "பார்த்துக்கொள்ளலாம், இருங்கள்" என்பார்கள். அது சம்மதமும் அல்ல, மறுப்பும் அல்ல. அன்றே "இன்று தொலைபேசியில் பேசியபடி, முதல் ஆண்டு வாடகை 63,000 என்பதைத் தாங்கள் பரிசீலிப்பதாகச் சொன்னீர்கள்" என்று ஒரு சிறு மின்னஞ்சல் போட்டுவைப்பது நல்லது. டிசம்பர் முதல் வாரம்வரை எழுத்தில் எதுவும் வராவிட்டால் 14-ஆம் பிரிவின்படி அறிவிப்பை அனுப்பிவிட வேண்டும். இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று காத்திருந்து அந்தத் தேதியைத் தவறவிடுபவர்கள் உண்டு.

சம்மதம் கிடைத்தாலும் வேலை முடியவில்லை. கடிதத்தின் கீழே உரிமையாளர் "சரி" என்று கையெழுத்திட்டால் மூன்று ஆண்டு ஒப்பந்தம் உருவாகிவிடாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் மூலமே செல்லும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 107-ஆம் பிரிவும், அதைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் சொல்கின்றன. பதிவு செய்யாத காகிதத்தை வைத்துக்கொண்டு 24 மாத உறுதியையோ 5 விழுக்காட்டு உயர்வையோ நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது சிரமம். தமிழ்நாட்டில் இதோடு 2017-ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டமும் உண்டு. 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கும் இச்சட்டம் அலுவலக இடங்களுக்கும் பொருந்தும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் பெற வேண்டும் என்பது அதன் விதி. இதற்கென அரசின் இணையதளம் இருக்கிறது.

மார்ச் 31 கடந்தும் புதிய பத்திரம் தயாராகவில்லை என்றால் என்ன? அந்தச் சட்டத்தின்படி, காலி செய்யாமலும் புதுப்பிக்காமலும் இருந்தால் பழைய நிபந்தனைகளிலேயே மாதத்துக்கு மாதம் தொடர்வதாகக் கொள்ளப்படும், அதிகபட்சம் ஆறு மாதங்களுக்கு. பழைய நிபந்தனை என்பதால் பழைய 60,000 ரூபாயே நீடிக்கும், லாபம்தானே என்று சிலர் பத்திரத்தைத் தள்ளிப்போடுவார்கள். அந்த ஆறு மாதங்களில் வாடகைதாரர் கையில் மூன்று ஆண்டுக்கான பத்திரம் இருக்காது. அந்தக் காலம் முடியும்போது உரிமையாளர் கேட்கும் தொகைக்குத்தான் கையெழுத்திட வேண்டியிருக்கும்.

புதிய பத்திரத்தின் வரைவு வந்ததும் மூன்று இடங்களைக் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆண்டுவாரியாக வாடகைத் தொகை எண்ணிலும் எழுத்திலும் இருக்கிறதா, 24 மாத உறுதி எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது, பழைய ஒப்பந்தத்தில் கொடுத்த 3,60,000 ரூபாய் முன்பணம் இந்த ஒப்பந்தத்துக்கு மாற்றப்பட்டதாகத் தெளிவாக எழுதியிருக்கிறதா என்பவை அவை. மூன்றாவதுதான் அடிக்கடி விடுபட்டுப் போகிறது. பழைய பத்திரம் முடிந்து, புதிய பத்திரத்தில் முன்பணம் பற்றி ஒரு வரியும் இல்லாமல் போனால், மூன்று ஆண்டு கழித்துக் காலி செய்யும்போது அந்தப் பணத்துக்காகப் பழைய பத்திரத்தையும் வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் தேடி எடுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டும்.